‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதாதீர்கள்

பத்துப் பன்னிரண்டு கணினிகளைப் போட்டுக் கேமிங் சென்டர் நடத்துபவர்கள் இணைய நிறுவனத்துக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். “சில வாரங்களாக நெட் ரொம்ப ஸ்லோ. வருகிற பையன்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்டேட்டிக் ஐபியும் வேண்டும். உடனே சரிசெய்து தரவும்.” கஸ்டமர் கேரில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு வேகச் சோதனை நடத்தச் சொல்வார். 100 எம்பிபிஎஸ் லைனில் 96 காட்டும். “வேகம் சரியாத்தானே சார் வருது? வேணும்னா 300 பிளானுக்கு மாறிக்கோங்க” என்பார். புகார் அத்தோடு மூடப்படும்.

இங்கே இருவருமே பொய் சொல்லவில்லை. வேகம் உண்மையிலேயே 96 இருக்கிறது. விளையாட்டும் உண்மையிலேயே நின்று நின்று ஓடுகிறது. கோளாறு கடிதத்தில்தான். தனித்தனியான இரண்டு வேண்டுகோள்கள் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கடைக்கென்று மாறாத பொது முகவரி. இன்னொன்று, தடுமாறாத லைன். முதலாவதைத் தருபவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க் பிரிவுக்காரர். இரண்டாவதைச் சரிசெய்பவர் ஏணியோடு வரும் லைன்மேன். ஒன்று கிடைத்தால் மற்றது தானாகத் தீராது. ஸ்டேட்டிக் ஐபி வாங்கினால் லேக் போய்விடும் என்று நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய.

நல்ல கடிதம் எப்படி உருவாகிறது என்று பார்க்க ஓர் உதாரணக் கடையை எடுத்துக்கொள்வோம். தென்காசியில் ஒரு சிறிய கேமிங் சென்டர். 12 கணினிகள், இரண்டு பிளேஸ்டேஷன்கள், 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், வாசலில் இரண்டு கேமராக்கள். உரிமையாளருக்கு இரண்டு குறைகள். வாரக் கடைசியில் உள்ளூர்க் கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி நடத்தச் சொந்த சர்வர் போட்டால் வெளியூர் அணிகளால் அதற்குள் வர முடியவில்லை. அதோடு, விளையாட்டின் நடுவே ஆட்கள் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேறிடத்துக்குத் தாவுகிறார்கள்.

முகவரி ஏன் பொதுவாக இருக்கிறது?

இணையத்தில் இணையும் ஒவ்வொன்றுக்கும் எண் முகவரி வேண்டும். இன்றும் பெரும்பாலான விளையாட்டு சர்வர்கள் நம்பியிருக்கும் பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தாம் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுப்பைத் தொட்டு, அதன்பின் கேட்பவர்களுக்குச் சிறு அளவுகளில் மட்டும் அளந்து கொடுத்தது. அதற்குப் பிறகு வளர்ந்த நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரு முகவரி தர வழியில்லாமல் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட ஆரம்பித்தன. இதற்குச் சிஜிநாட் என்று பெயர்.

பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரே கதவு எண். உள்ளே இருப்பவர்களுக்கு ஃபிளாட் எண் கிடையாது. வாசலில் காவலாளி மட்டும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து யார் கடிதம் அனுப்பினாலும் அவர் குறித்துக்கொள்வார். அதற்குப் பதில் வந்தால் உரியவரிடம் சேர்ப்பார். கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் தேடி வந்தால் யார் வீட்டுக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். யூடியூப் பார்ப்பதும் வாட்ஸ்அப் பேசுவதும் உள்ளிருந்து தொடங்குவதால் இந்த ஏற்பாட்டில் குறையே தெரியாது. தென்காசிக் கடை நடத்தும் சர்வருக்குள் வெளியூர் அணி நுழைவது வெளியிலிருந்து தொடங்குகிறது. அதனால் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் பயனில்லை. கதவு மூடியிருப்பது கடையில் அல்ல, நிறுவனத்தின் இயந்திரத்தில்.

நம் கடை சிஜிநாட்டுக்குள் இருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து WAN IP என்ற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கடைக்குப் பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டால் நடுவே பங்கீடு நடக்கிறது. WAN IP என்பது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த வரிசையை இந்தப் பயன்பாட்டுக்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கினார்கள். சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்களையும் இதற்குப் பயன்படுத்துகின்றன. நம் உதாரணக் கடையில் ரவுட்டர் 100.72 என்று தொடங்கும் எண்ணைக் காட்டுகிறது. வெளியே தெரிவது முற்றிலும் வேறு எண்.

வீடுகளுக்குத் தெரியாத இன்னொரு தொல்லை கேமிங் கடைக்கு இதில் உண்டு. ஒரு பொது முகவரியில் 65,536 போர்ட்டுகள் இருக்கும். வெளியே போகும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்று தேவை. அந்த முகவரியை 64 வாடிக்கையாளர்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 1,024 வரும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம். 12 கணினிகளிலும் ஸ்டீம், டிஸ்கார்ட், பத்துப் பதினைந்து டேப் திறந்த பிரவுசர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தப் பங்கு நெருக்கடியாகிவிடும். அறிகுறி விசித்திரமாக இருக்கும்: ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, புதிதாக உட்கார்ந்தவருக்கு மட்டும் லாகின் ஆகாது, இரண்டு பேர் எழுந்து போனதும் தானாகச் சரியாகும். கடை நிரம்பும் நேரத்தில் மட்டும் இப்படி நடந்தால் அதையும் கடிதத்தில் எழுத வேண்டும்.

பிளேஸ்டேஷனில் NAT Type 3 என்று காட்டுவதும், நண்பர்களின் குரல் கேட்காமல் போவதும் இதே குடும்பத்து நோய்கள். அதே பொது முகவரியில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடியதற்காக ஒரு சர்வர் அந்த முகவரியையே தடுத்துவிட்டால், நம் கடையும் சேர்ந்து தடைபடும்.

எது தேவை, எது தேவையில்லை

‘பொது முகவரி’ என்பதும் ‘நிலையான முகவரி’ என்பதும் வேறு. பொது முகவரி வெளியிலிருந்து அடையக்கூடியது. ஆனால் ரவுட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறலாம். நிலையானது எத்தனை முறை அணைத்தாலும் அதுவேதான். வீட்டிலிருந்து கடையின் கேமராவைப் பார்ப்பதற்கு மாறும் பொது முகவரியே போதும். மாறும் எண்ணை ஒரு பெயரோடு தொடர்ந்து கட்டிவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை அதைச் சமாளித்துவிடும். வாரா வாரம் போட்டி நடத்தி, ஒரே எண்ணை அணிகளுக்குக் கொடுத்து வைக்க வேண்டும் என்றாலோ, கடையை அதன் முகவரியை வைத்து அடையாளம் காணும் சேவைகளில் பதிய வேண்டும் என்றாலோ நிலையானது வேண்டும். தென் கொரியாவின் பிசி பாங் கடைகளில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்கு விளையாட்டு நிறுவனங்கள் தனிச் சலுகைகள் தருவது இப்படிப் பதிவான கடை முகவரியைப் பார்த்துத்தான்.

ஒன்றே ஒன்று நிலையான முகவரியிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது பிங்கைக் குறைக்காது. தரவு போகும் ஃபைபரும் வழியும் அவையேதான். ஆட்கள் தாவுவதற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

லைன் தடுமாறுவதை எப்படிக் காட்டுவது?

விளையாட்டுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்று ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். 12 பேரும் ஒன்றாக ஆடினாலும் 100 எம்பிபிஎஸ் லைனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குத் தேவை நேரம் தவறாமை. கவுண்டர்-ஸ்ட்ரைக் சர்வர் ஆட்டத்தின் நிலையை நொடிக்கு 64 முறை புதுப்பிக்கிறது. வேலரன்ட் 128 முறை. அந்தச் சிறு பொட்டலங்கள் போய்வரும் நேரம்தான் பிங். அந்த நேரம் ஒருமுறை 20, அடுத்த முறை 90 என்று ஊசலாடினால் அது ஜிட்டர். பொட்டலம் வந்து சேராமலே போனால் இழப்பு. திரையில் ஆள் தாவுவது பெரும்பாலும் கடைசி இரண்டால்தான். வேகச் சோதனை காட்டும் எம்பிபிஎஸ் எண் இவற்றைப் பிடிக்காது. அது சில நொடிகளில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கிறது. நடுவே தொலைந்தவை மறுபடி அனுப்பப்பட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆட்டத்தில் தொலைந்தது தொலைந்ததுதான்.

எந்தப் பிங் நியாயமானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தென்காசியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். போய்வர 6 மில்லி நொடி போதும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல ரவுட்டர்கள் உண்டு என்பதையெல்லாம் சேர்த்துச் சென்னை சர்வருக்கு 15 முதல் 25 வரை வந்தால் குறை சொல்ல முடியாது. அதை 5 ஆக்கித் தரும்படி கேட்டால், கடிதம் எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

சோதனையை வைஃபையில் செய்யக் கூடாது. ரவுட்டரோடு கேபிளில் இணைத்த கணினியில் செய்ய வேண்டும். முதலில் நிறுவனத்தின் பக்கத்தில் நம்மை எதிர்கொள்ளும் முதல் ரவுட்டர் எது என்று பார்க்க வேண்டும். முதல் கட்டளை அதைக் காட்டும். பட்டியலில் இரண்டாவதாக வரும் எண் அது. பிறகு மூன்று இடங்களுக்குத் தனித்தனியாக 300 முறை பிங் அனுப்ப வேண்டும்: நம் ரவுட்டர், நிறுவனத்தின் முதல் ரவுட்டர், வெளியே எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகவரி.

```
tracert -d 1.1.1.1
ping -n 300 192.168.1.1
ping -n 300 100.72.0.1
ping -n 300 1.1.1.1
```

நம் கடையில் சொந்த ரவுட்டருக்கு 1 மில்லி நொடி, இழப்பு இல்லை. ஆகவே கடைக்குள்ளிருக்கும் கேபிளும் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன. நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கு 300-இல் 9 தொலைகின்றன. அதாவது 3 சதவீதம். வெளி முகவரிக்கும் அதே 3 சதவீதம். கோளாறு கடைக்கும் நிறுவனத்தின் முதல் படிக்கும் நடுவே, அதாவது தெருக் கம்பிகளில் எங்கோ இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. நடுவிலுள்ள ரவுட்டரில் மட்டும் இழப்பு தெரிந்து, அதைத் தாண்டிய வெளி முகவரிக்கு இழப்பே இல்லை என்றால் அது கோளாறு அல்ல. அந்த ரவுட்டர் தரவைக் கடத்துவதில் மும்முரமாக இருந்து, பிங்குக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய புகார்களை நெட்வொர்க் பிரிவு ஒரு வரியில் தள்ளிவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். காலை 10 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். காலையில் சுத்தமாக இருந்து, ஊரே படம் பார்க்கும் 8 மணி முதல் 11 மணிக்குள் மட்டும் மோசமானால், அது நெரிசல். வீட்டு ஃபைபரில் ஒரு தண்டிலிருந்து 32 அல்லது 64 கிளைகள் பிரிந்து போகும். நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் என்ற பொதுத் தண்டை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்கு நிறுவனம்தான் மேலே திறனைக் கூட்ட வேண்டும். லைன்மேன் வந்து ஒன்றும் செய்ய முடியாது. நம் கடையிலோ காலை, இரவு என்ற வேறுபாடில்லாமல் இழப்பு இருக்கிறது. மழை பெய்த மறுநாள் கூடுகிறது. இது நெரிசலின் குணம் அல்ல, ஒளி குறைவதன் குணம்.

அதைச் சரிபார்க்க ஃபைபர் மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் RX Power என்ற எண் இருக்கும். வந்து சேரும் ஒளியின் அளவு அது. டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். −15 முதல் −25 வரை நிம்மதி. −27 என்பது வழக்கமான வீட்டு மோடம் தாங்கும் எல்லை. ஒவ்வொரு 3 எண் இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது. நம் கடையில் −28.2. அதே கம்பத்திலிருந்து லைன் வாங்கிய பக்கத்து மருந்துக் கடையில் கேட்டுப் பார்த்தால் −20.4. இரண்டுக்கும் வித்தியாசம் 7.8; அங்கே வரும் ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் இங்கே வருகிறது. இருவருக்கும் பொதுவான பெட்டிவரை எல்லாம் சரி என்பதால், அந்தப் பெட்டியிலிருந்து கடைக்கு வரும் கடைசிக் கம்பியில்தான் சிக்கல் என்று சொல்லிவிடலாம். ஆணியில் மடங்கிய கேபிள், அழுக்குப் பிடித்த கனெக்டர், தண்ணீர் புகுந்த இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. லைன்மேன் எங்கே ஏற வேண்டும் என்பதைக் கடிதமே சொல்லிவிடுகிறது.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்

கடிதம் அனுப்பும் முன் தீர்க்க வேண்டிய ஒன்று கடைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விளையாட்டுக்கு 30 ஜிபி அப்டேட் வருகிறது என்போம். 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு கணினிக்கு அது 40 நிமிடம். பன்னிரண்டும் தனித்தனியாக இறக்கினால் 8 மணி நேரம். அத்தனை நேரமும் லைன் விளிம்புவரை நிரம்பியிருக்கும். சிறிய ஆட்டப் பொட்டலங்கள் பெரிய அப்டேட் பொட்டலங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பிங் 20-லிருந்து 200-க்கு ஏறும். இதை நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது.

சோதித்துப் பார்ப்பது எளிது: எல்லாக் கணினிகளையும் நிறுத்தி ஒரு பிங் ஓட்டம், பிறகு ஒரு பெரிய பதிவிறக்கத்தைப் போட்டுவிட்டு மறு ஓட்டம். இரண்டாவதில் மட்டும் பிங் எகிறினால் வரிசைதான் காரணம். அப்டேட்டை ஒரே கணினியில் விடியற்காலையில் இறக்கி, மற்றவற்றுக்குக் கடைக்குள்ளேயே நகல் எடுக்கலாம். ஸ்டீமில் இதற்கான வசதி 2023 முதல் இருக்கிறது. வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியுள்ள ரவுட்டராக இருந்தால், எல்லையை 90 எம்பிபிஎஸ் என்று வைத்துவிடலாம். வேகத்தில் 10 போகும். ஆட்டம் நிம்மதியாக ஓடும். நம் கடைக்காரர் இதைச் செய்துவிட்டு, யாரும் ஆடாத காலை வேளையில் மறுபடி சோதித்தார் என்று கொள்வோம். 3 சதவீத இழப்பு அப்படியே இருக்கிறது. இப்போது எழுதலாம்.

கடிதம்

அனுப்புநர்: உரிமையாளர், கேமிங் சென்டர், தென்காசி. (வாடிக்கையாளர் எண் மேலே.)

பெறுநர்: வணிக இணைப்புப் பிரிவு மேலாளர். நகல்: களப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: (1) ஒரு நிலையான பொது ஐபிவி4 முகவரி வேண்டுதல். (2) கடைசிக் கம்பியில் ஒளி அளவு குறைந்திருப்பதைச் சரிசெய்ய வேண்டுதல்.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் 12 கணினிகளும் 2 கேம் கன்சோல்களும் கொண்ட கடை நடத்துகிறேன். கீழ்க்கண்ட இரண்டும் தனித்தனிக் கோரிக்கைகள். தயவுசெய்து இரண்டுக்கும் தனித்தனிப் புகார் எண்கள் வழங்குங்கள்.

முதல் கோரிக்கை: என் ரவுட்டரின் WAN IP 100.72 வரிசையில் உள்ளது. வெளியே தெரியும் முகவரி வேறு. அதாவது என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறது. கடையில் நடத்தும் போட்டி சர்வருக்கு (யுடிபி போர்ட் 27015) வெளியிலிருந்து இணைப்பு வர வேண்டியிருப்பதால், என் இணைப்பை சிஜிநாட்டிலிருந்து விலக்கி ஒரு நிலையான பொது முகவரி ஒதுக்கித் தாருங்கள். ஒன்றே போதும். தங்கள் பக்கத்தில் உள்வரும் போர்ட்டுகள் ஏதேனும் தடுக்கப்படுகின்றனவா, மாத அல்லது ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வணிகப் பிளானுக்கு மாற வேண்டுமா என்பவற்றையும் தெரிவியுங்கள். கடைப் பதிவுச் சான்றும் அடையாளச் சான்றும் இணைத்துள்ளேன்.

இரண்டாவது கோரிக்கை: மோடத்தில் RX Power −28.2 டிபிஎம். அதே கம்பத்திலுள்ள பக்கத்து இணைப்பில் −20.4. கேபிளில் இணைத்த கணினியிலிருந்து, கடையில் வேறு பயன்பாடு எதுவும் இல்லாத நேரத்தில், தங்கள் முதல் ரவுட்டருக்கு அனுப்பிய 300 பிங்குகளில் 9 திரும்பவில்லை. என் ரவுட்டருக்கு இழப்பு பூஜ்யம். காலை, இரவு இரு வேளையும் இதே நிலை. மழைக்குப் பின் கூடுகிறது. மூன்று நாள் சோதனைப் பதிவுகளும் மோடம் திரையின் படமும் இணைப்பில். பெட்டியிலிருந்து கடைக்கு வரும் கேபிளையும் இணைப்புகளையும் பவர் மீட்டர் வைத்துப் பார்த்து −25-க்குள் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். வேகத்தில் எனக்குக் குறை இல்லை. பெரிய பிளான் தேவையில்லை.

சரிசெய்த பின் இதே 300 பிங் சோதனையை உங்கள் ஊழியர் முன்னிலையில் செய்து, இழப்பு இல்லை என்று பார்த்த பிறகே புகாரை முடித்ததாகக் கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு, உரிமையாளர்.

பதில் வந்த பிறகு

கடைசிப் பத்திதான் இந்தக் கடிதத்தின் உயிர். ‘முடிந்தது’ என்பதற்கு அளவுகோல் இல்லாத புகாரை, லைன்மேன் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டும் முடித்துவிடலாம்.

முகவரி ஒதுக்கிவிட்டதாகச் செய்தி வந்தால் ரவுட்டரை அணைத்துப் போட்டு, WAN IP-யும் வெளியே தெரியும் எண்ணும் ஒன்றாகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். பிறகு சர்வர் திறந்திருக்கிறதா என்று சோதிக்கக் கடையின் கணினியைப் பயன்படுத்தக் கூடாது. தன் பொது முகவரிக்குத் தானே உள்ளிருந்து போய்வரப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. சர்வர் நன்றாக இருந்தாலும் இணையவில்லை என்றே காட்டும். கைபேசியின் டேட்டாவில் இணைத்த மடிக்கணினியிலிருந்தோ வெளியூர் நண்பரிடம் சொல்லியோ பார்ப்பதுதான் சரி.

பொது முகவரி கிடைத்ததும் கடை ஊருக்கெல்லாம் தெரியும் இடத்துக்கு வந்துவிடுகிறது. தேவையான போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும் டிஎம்இசட் வசதியையும், வெளியிலிருந்து கணினியை இயக்கும் 3389 போர்ட்டையும் தொடவே கூடாது. கேமராப் பெட்டியின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்த admin ஆகவே இருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். 2016-இல் உலகின் பெரிய இணையத் தளங்களை முடக்கிய மிராய் என்ற நச்சு நிரல், இப்படிக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் படை திரட்டியது. அதன் பின்னணியில் இருந்தது மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்களுக்கு இடையிலான தொழில் போட்டி. தோற்ற கோபத்தில் ஒருவர் காசு கொடுத்து உங்கள் முகவரியின் மேல் தரவு வெள்ளத்தை ஏவிவிட்டால், நிலையான முகவரியை ரவுட்டரை அணைத்து மாற்ற முடியாது. அப்படி நடந்தால் யாரை அழைப்பது, முகவரியை மாற்றித் தருவார்களா என்பதை முன்பே கேட்டு வைக்கலாம்.

சட்டப் பொறுப்பும் கூடுகிறது. இந்தியாவில் 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள், வருபவர்களின் அடையாளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கின்றன. சிஜிநாட்டில் ஒரு குற்றத்தைத் தேடி வருபவர்கள் நிறுவனத்தின் பதிவுகளைத் துழாவித்தான் வாடிக்கையாளரைப் பிரித்தெடுக்க வேண்டும். நிலையான முகவரி நேராக உங்கள் கடையைக் காட்டும். எந்தக் கணினியில் எந்த நேரத்தில் யார் இருந்தார் என்பதற்கு உங்கள் பதிவேடு மட்டுமே சாட்சி.

லைனைப் பொறுத்தவரை, சாதாரணப் பிராட்பேண்ட் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான உறுதி பெரும்பாலும் இருக்காது. லீஸ்டு லைனில் இருக்கும். விலையும் பல மடங்கு. 99.5 சதவீதம் என்ற உறுதிகூட 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் லைன் போனால் ஒப்பந்தத்துக்குள்தான் என்று பொருள். சிறிய கடைக்கு அதைவிட மலிவான வழி, வேறு நிறுவனத்திடமிருந்து வேறு கம்பம் வழியாக வரும் இரண்டாவது லைன். ஆனால் முதல் லைனின் நிலையான முகவரி இரண்டாவது லைனுக்குத் தாவாது. லைன் மாறும் கணத்தில் நடக்கும் ஆட்டமும், கடையின் போட்டி சர்வரும் அறுந்துபோகும்; புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கு மட்டும் அது காப்பு. மின்தடை அடிக்கடி வரும் ஊரில் இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய யுபிஎஸ்.

பதிலே வராவிட்டால் புகார் எண்ணை வைத்து நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிகளின்படி அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு கோரிக்கைகளுக்கும் தனித்தனி எண் கேட்டதன் பயன் அங்கே தெரியும். முகவரி தந்துவிட்டு மொத்தப் புகாரும் தீர்ந்தது என்று நிறுவனம் எழுதினாலும், ஒளி அளவு பற்றிய புகார் தன் எண்ணோடும் மூன்று நாள் சோதனைப் பதிவோடும் திறந்தே இருக்கும்.